மட்டம், சாய்வு, வளைவு: வட்டி நகர்வின் மூன்று முகங்கள்

அமெரிக்க அரசு ஒரே நாளில் பல தவணைகளுக்குக் கடன் வாங்குகிறது. 2 ஆண்டுப் பத்திரத்துக்கு ஒரு வருவாய் விகிதம், 10 ஆண்டுக்கு இன்னொன்று, 30 ஆண்டுக்கு வேறொன்று. தவணையைக் கிடையச்சிலும் விகிதத்தைக் குத்தச்சிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது வருவாய் வளைகோடு. சந்தை நடக்கும் நாளெல்லாம் இந்தக் கோடு அசைகிறது. ஆனால் அதன் புள்ளிகள் தனித்தனியே அலைவதில்லை. 7 ஆண்டு விகிதம் ஏறிய நாளில் 10 ஆண்டு விகிதமும் பெரும்பாலும் ஏறியிருக்கும். இப்படிச் சேர்ந்து நகர்பவற்றைச் சில அடிப்படை அசைவுகளாகப் பிரித்துக் காட்டும் முறைதான் முதன்மைக் கூறு பகுப்பாய்வு.

1, 2, 3, 5, 7, 10, 20, 30 ஆண்டு என எட்டுத் தவணைகளை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் தினசரி மாற்றமும் ஓராண்டுக்குச் சுமார் 250 எண்களாகக் கிடைக்கும். விகிதத்தை அப்படியே எடுக்காமல் மாற்றத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு: விகிதங்கள் பல ஆண்டுகளுக்கு ஒரே போக்கில் ஏறவோ இறங்கவோ கூடும், அந்தப் போக்கே மற்ற உறவுகளை மூடிவிடும். அடுத்து, எந்தத் தவணை எதனோடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்பதை எட்டுக்கு எட்டு அளவுள்ள இணைமாறுபாட்டு அணியாக எழுதுவார்கள். அந்த அணியின் ஐகன் திசையன் ஒவ்வொன்றும் ஓர் அசைவின் வடிவம். மொத்த ஏற்ற இறக்கத்தில் அந்த அசைவுக்கு எவ்வளவு பங்கு என்பதை அதற்குரிய ஐகன் மதிப்பு சொல்லும்.

ராபர்ட் லிட்டர்மேன், ஹோசே ஷெயின்க்மேன் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த அசைவுகளின் பெயர்கள் நிலைத்தன. முதல் வடிவத்தில் எல்லாத் தவணைகளும் ஒரே திசையில் நகரும், அது மட்டம். இரண்டாவதில் குறுந்தவணையும் நெடுந்தவணையும் எதிரெதிராகப் போகும், அது சாய்வு. மூன்றாவதில் இரு முனைகளும் ஒரு பக்கம் போக, நடுப்பகுதி மறுபக்கம் போகும், அது வளைவு. முதல் வடிவமே பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ முழு அசைவையும் விளக்கிவிடுகின்றன.

ஒரு நாளைப் பிரித்துப் பார்க்கலாம். 2 ஆண்டு விகிதம் 2 புள்ளியும், 5 ஆண்டு 9 புள்ளியும், 10 ஆண்டு 10 புள்ளியும் ஏறியதாகக் கொள்வோம் (100 புள்ளி ஒரு சதவீதம்). கணக்கு எளிதாக இருக்க, வடிவங்களைச் சீரானவையாக எடுத்துக்கொள்வோம். மூன்றின் சராசரி 7. அது மட்டத்தின் பங்கு. அதைக் கழித்தால் மிஞ்சுவது −5, 2, 3. இதில் −4, 0, 4 என்பது சாய்வு. அதையும் நீக்கினால் −1, 2, −1 எஞ்சும்; நடுப்பகுதி புடைத்த அதுவே வளைவு.

கடைசியில் எஞ்சிய அந்தச் சிறு எண்களிலும் பணம் இருக்கிறது. ஒரு வர்த்தகர் 2 ஆண்டு, 10 ஆண்டுப் பத்திரங்களை வாங்கி, 5 ஆண்டுப் பத்திரத்தை விற்றிருக்கிறார். விகிதம் ஒரு புள்ளி ஏறினால், வாங்கியவை ஒவ்வொன்றிலும் 50 டாலர் நட்டம். விற்றதில் 100 டாலர் லாபம். மட்டம் நகர்ந்தாலும் சாய்வு நகர்ந்தாலும் லாபமும் நட்டமும் ஈடாகிவிடும். ஆனால் மேற்சொன்ன நாளில் வாங்கியவற்றில் 100, 500 என 600 டாலர் நட்டம். விற்றதில் 900 டாலர் லாபம். கையில் நின்ற 300 டாலரும் வளைவிலிருந்தே வந்தது. வளைவு எதிர்த்திசையில் போயிருந்தால் அதுவே நட்டமாகியிருக்கும். எல்லா விகிதங்களும் ஒரே அளவு நகரும் என்று கொள்ளும் பழைய கால அளவுக் கணக்கு, இந்த இருப்பில் ஆபத்தே இல்லை என்று சொல்லியிருக்கும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. வடிவங்கள் எடுத்துக்கொண்ட காலத்தைச் சார்ந்தவை. 2008இன் இறுதியில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுவந்து ஏழாண்டுகள் அங்கேயே வைத்திருந்தது. அப்போது குறுந்தவணை விகிதங்கள் அசைய இடமில்லாமல் போனது. அந்த ஆண்டுகளின் தரவில் முதல் வடிவமே தட்டையாக இல்லாமல் குறுந்தவணைப் பக்கம் தாழ்ந்திருக்கும். பழைய எடைகளைக் கொண்டு பாதுகாப்புச் செய்தவரின் கணக்கில், மட்டம் நகர்ந்த திசையோடு சேர்ந்தே பிழையும் விழும்; எடைகள் காலாவதியானதற்கு அதுவே அடையாளம்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். கணிதம் தருவது மாறுபாட்டின் அளவுப்படி வரிசையிட்ட திசைகளை மட்டுமே. மட்டம், சாய்வு, வளைவு என்பவை பார்ப்பவர் இட்ட பெயர்கள். அருகருகே உள்ள தவணைகள் நெருக்கமாகவும், தொலைவில் உள்ளவை தளர்வாகவும் சேர்ந்து நகரும் எந்தத் தரவிலும் இதே மூன்று வடிவங்கள் தோன்றக்கூடும் என்று ரோஜர் லார்ட், அன்டூன் பெல்சர் இருவரும் 2007இல் காட்டினார்கள். ஆகவே, வடிவம் தெரிவதாலேயே அதன் பின்னால் தனியொரு பொருளாதாரக் காரணம் இருப்பதாக முடிவு கட்ட முடியாது.