ஒற்றைச் செருப்புப் படம்

அத்தைக்கு எழுபது வயதை நெருங்கியபோது, வீட்டில் தகரப் பெட்டியில் கிடந்த பழைய படங்களை ஆல்பமாக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்தையும் அத்தையிடம் காட்டுவேன். சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆல்பத்தில் ஒரு படத்தின் கீழே மூன்று வரிக்குத்தான் இடம், நோட்டிலோ பக்கம் பக்கமாகக் கதை. ஒரே ஒரு படத்தை வைத்து, அந்தக் கதை மூன்று வரியானதைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நோட்டில் இருந்தது இது: "மகாமகத்துக்குப் போனப்ப எடுத்தது. கூட்டம்னா கூட்டம், கையை விட்டா தொலைஞ்சோம். குளிச்சுட்டு ஈரத் தலையோட நேரா ஸ்டூடியோவுக்குப் போனோம். நாற்காலியில அப்பாவும் சித்தப்பாவும். சித்தப்பா அப்பாவுக்கு வலது பக்கம். பின்னால அம்மா, இடுப்புல இருக்கறது உங்கப்பன், ரெண்டு வயசு இருக்கும். ஓரத்துல நான். காலைப் பாரு, ஒரு செருப்புதான் இருக்கு. இன்னொண்ணு கூட்டத்துல போயிடுச்சு, அம்மா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தா. சித்தப்பா அடுத்த வருஷமே பட்டாளத்துக்குப் போயிட்டார்."

முதலில் நான் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: 'கும்பகோணத்தில் நடைபெற்ற மகாமகத்திற்குச் சென்று புனித நீராடிவிட்டுத் திரும்பும் வழியில் தாத்தா, பாட்டி, சின்னத் தாத்தா, அத்தை, அப்பா ஆகியோர் ஸ்டூடியோ ஒன்றில் மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொண்ட அரிய புகைப்படம்.' படிக்கிறவர் கடைசிச் சொல்லுக்கு வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வந்து சேர்ந்தால் கிடைப்பது 'புகைப்படம்' என்ற சொல். அது புகைப்படம் என்று பார்க்கிறவருக்குத் தெரியாதா? தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போக முடியும் என்பதாலேயே படக்குறிப்பு இப்படி நீண்டுவிடுகிறது. முற்றுப்புள்ளி வைத்து உடைத்தால் பாதி எடை இறங்கும். 'அரிய', 'மகிழ்ச்சியுடன்' இரண்டையும் அடித்தேன். முகங்களில் மகிழ்ச்சி இருந்தால் படமே காட்டும். இந்தப் படத்தில் எல்லோரும் கேமராவுக்குப் பயந்து விறைத்திருக்கிறார்கள்.

அடுத்தது உறவுமுறை. இதில்தான் வீட்டு ஆல்பங்கள் அதிகம் கெட்டுப்போகின்றன. அத்தை 'அப்பா' என்றது என் தாத்தாவை. என் பிள்ளைக்கு அவர் கொள்ளுத் தாத்தா. 'சித்தப்பா' யார் என்பது சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அவர் இல்லாத நாளில் அந்தச் சொல் யாரையும் குறிக்காது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் யாருடைய முறை என்று எழுதிவைத்தாலும், படத்தை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் போயிற்று. ஆகவே பெயர். முறை வேண்டுமென்றால், படத்தில் இருக்கிறவர்களுக்குள் உள்ள முறையைச் சொல்லலாம்: அவர் அண்ணன், இவர் மகள். அது எத்தனை தலைமுறை போனாலும் மாறாது.

ஆண்டுக்கு வருவோம். அத்தை ஆண்டு சொல்லவில்லை, மகாமகம் என்றார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்தில் வருவது. 1956, 1968, 1980 மூன்றில் ஏதாவது ஒன்று. இடுப்பில் இருக்கும் குழந்தைதான் சாட்சி. அப்பாவின் பள்ளிச் சான்றிதழை நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வசதியாகப் பிறந்த நாளைக் கூட்டியும் குறைத்தும் போட்டதுண்டு. ஜாதகத்தை எடுத்தேன். விசுவாவசு வருஷம் பங்குனி. பழைய பஞ்சாங்கக் கணக்கில் விசுவாவசு 1965இல் தொடங்கியது. அதைப் பார்த்து 1965 என்று எழுதிவிட்டால் தப்பு, ஏனென்றால் சித்திரையில் தொடங்கும் வருஷத்தின் கடைசி மாதம் பங்குனி, அது வருவதற்குள் ஆங்கில ஆண்டு 1966 ஆகியிருக்கும். பிறப்பு 1966 என்றால் இரண்டு வயதை எட்டும் குழந்தை 1968 மாசியில்தான். இப்படி ஆதாரம் கிடைத்தால் ஆண்டை உறுதியாகப் போடலாம். கிடைக்காவிட்டால் '1960களில்' என்று எழுதுவதே நேர்மை. ஒருமுறை அச்சான தவறான ஆண்டை அடுத்த தலைமுறை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

பிறகு நான் செய்த பெரிய பிழை. தாத்தாவும் அவர் தம்பியும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். 'சித்தப்பா அப்பாவுக்கு வலது பக்கம்' என்றதைப் படத்தின் வலப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். அத்தை சொன்னது உட்கார்ந்திருப்பவரின் வலக்கைப் பக்கம். பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம். வாயால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படத்துக்குள் போய் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். எழுத்தில் 'இடமிருந்து' என்றால் பார்க்கிறவரின் இடம். இரண்டும் மோதாமலிருக்க, படத்தின் மேல் விரல் வைத்துக் காட்டச் சொல்லி எழுதிக்கொள்வது ஒன்றே வழி. நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருந்தால் படமே இடவலம் மாறியிருக்கும். சட்டைப் பை போட்டிருப்பவரின் இடப்பக்கம் இருக்கிறதா, முந்தானை இடத் தோளில் கிடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி எதை வைப்பது, எதை விடுவது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டாம், தெரியாததில் பார்க்கிறவர் கேட்கப்போவதை மட்டும் சொன்னால் போதும். அதற்காகக் குடும்பத்தை அறியாத ஒரு நண்பரிடம் குறிப்பை மூடிவைத்துப் படத்தை மட்டும் காட்டினேன். அவர் கேட்டவை மூன்று. இவர்கள் யார்? இது யாருடைய மாளிகை? இந்தப் பிள்ளைக்கு ஏன் ஒரு காலில் செருப்பில்லை? மாளிகை என்றது பின்னால் தொங்கிய திரையில் வரைந்த தூண்களை. எனவே 'ஸ்டூடியோ' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். செருப்பும் இருக்க வேண்டும், கண் அங்கேதான் தடுக்குகிறது. பட்டாளக் கதை எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் இந்தப் படத்தில் அதற்குக் கொக்கி இல்லை. சீருடையில் அவர் நிற்கும் வேறொரு படத்துக்கு அதை அனுப்பினேன். பாட்டி திட்டியதை விட மனமில்லாமல்தான் விட்டேன்.

மிஞ்சியது இது:

'மகாமகத்தில் குளித்த கையோடு, கும்பகோணத்து ஸ்டூடியோவில். 1968, மாசி. அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து: சிவராமன், அவர் அண்ணன் ராமலிங்கம். பின்னால் ராமலிங்கத்தின் மனைவி கமலம், இடுப்பில் மகன் சேகர். ஓரத்தில் மகள் வசந்தா. அவள் செருப்பில் ஒன்று கூட்டத்தில் தொலைந்தது.'

இதே படத்தை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மாத இதழுக்குக் கேட்டார்கள். அங்கே படிக்கிறவர்களுக்கு இந்த ஐந்து பெயர்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அத்தையிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, '1968 மகாமகத்துக்குப் போன ஒரு குடும்பம், கும்பகோணத்து ஸ்டூடியோவில். சிறுமியின் ஒரு செருப்பு கூட்டத்தோடு போய்விட்டது' என்று இரண்டு வரி கொடுத்தேன். பட்டியல் மறைந்தது, செருப்பு தங்கிவிட்டது.

நோட்டைத் தூக்கிப் போடவில்லை. படத்தின் முதுகில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் 12 என்று எழுதினேன். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் தடம் முன்பக்கம் முகங்களில் எழும். நோட்டிலும் அந்தக் கதைக்கு மேலே 12. பாட்டியின் திட்டு அங்கே முழுசாக இருக்கிறது.

ஒட்டுவதற்கு முன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி வரியில் மட்டும், "நாளைக்கு உன் பேத்தி இதைப் படிச்சா, என்னை 'அவள்'ன்னா சொல்றது?" என்றார். படத்தில் இருப்பவள் எட்டு வயதுப் பெண், கேட்டவர் குடும்பத்துக்கே மூத்தவர். 'அவர் செருப்பில் ஒன்று' என்று மாற்றிப் படித்தேன், எட்டு வயதுக்கு அது பொருந்தவில்லை. 'வசந்தாவின் செருப்பில் ஒன்று' என்று எழுதினேன். "இது சரி" என்றார் அத்தை. பசையை எடுத்தேன்.