மெட்டு முந்தி, சொல் பிந்தி

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் பாறையில் செதுக்கப்பட்ட இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான அக்கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டு, ஏழு பகுதிகளாக அமைந்துள்ளன. பாடற்சொல் இல்லை. இசை மட்டும் இருக்கிறது. இன்றைய திரைப்படப் பாடலாசிரியர் ஒருவரின் கையில் தரப்படுவதும் ஏறக்குறைய இதுவே: முடிந்துவிட்ட மெட்டு, சொல்லுக்காகக் காத்திருக்கும் வெற்றிடம்.

மெட்டுக்குப் பாட்டு எழுதுவோருக்கு மேலை நாட்டு நூல்கள் ஒரே விதியை முதன்மையாகச் சொல்கின்றன. சொல்லில் அழுத்தம் பெறும் அசை, தாளத்தின் வலிய அடியில் விழ வேண்டும் என்பதே அது. ஆங்கிலத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே அழுத்தம் இடம் மாறினால் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிவிடுவதும் உண்டு. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. மாற்றுவது அளவு. 'மலை'யின் முதலெழுத்தை நீட்டினால் அது 'மாலை'. 'படு' நீண்டால் 'பாடு'. 'கல்' நீண்டால் 'கால்'. ஆகவே தமிழில் அந்த விதியை இப்படித் திருத்திக்கொள்ள வேண்டும்: தாளம் தட்டும் இடத்தில், மெட்டு நீளும் இடத்தில், நெடிலோ ஒற்றடுத்த குறிலோ நிற்க வேண்டும், விரைந்து கடக்கும் இடத்தில் குறில் நிற்க வேண்டும்.

இதை அருணகிரிநாதரின் திருப்புகழைப் போல் வேறெதுவும் துலக்கமாகக் காட்டுவதில்லை. விராலிமலை முருகன் மீதும் அவர் பாடியிருக்கிறார். திருப்புகழ்ப் பதிப்புகளைப் புரட்டினால் ஒவ்வொரு பாடலின் தலையிலும் 'தன', 'தான', 'தந்த', 'தத்த' என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சந்தக் குழிப்பு என்பர். இசையமைப்பாளர் பொருளற்ற ஒலிகளால் பாடிக் காட்டும் தத்தகாரத்துக்கு அது மூத்த உறவு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, ஒற்றடுத்த குறிலையும் சந்தத்தில் இரண்டாகவே எண்ணுவது வழக்கம். சொல்லிறுதியில் வரும் ஐகாரம் குறுகி ஒன்றாக ஒலிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 'தானன தானன தானன தானா' என்பது மெட்டு. நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு மாத்திரை, ஆக மொத்தம் பதினாறு. ஒவ்வொரு தட்டின் முதல் ஒலியும் இரண்டு மாத்திரை நீள்கிறது. மழை பெய்து கண்மாய் நிறைந்த செய்தியை இதில் சொல்ல வேண்டும். முதலில் மனத்தில் எழுவது, 'மழையால் நிறைந்தது எங்கள் கண்மாய்' என்பதாக இருக்கலாம். எண்ணிப் பாருங்கள். 'மழையால்' நான்கு, 'நிறைந்த' நான்கு, 'தெங்கள்' நான்கு, 'கண்மாய்' நான்கு. கணக்கு பிசகவே இல்லை. ஆனால் பாடிப் பார்த்தால் வரி சிதைகிறது. மெட்டின் நீண்ட முதல் ஒலியில் 'ம' என்னும் குறில் அகப்பட்டு 'மாழை' என்று ஆகிறது. மாழை தமிழில் வேறு சொல், உலோகத்தைக் குறிப்பது. இரண்டாம் தட்டில் 'நிறைந்த' என்பது 'நீறைந்த' என நீண்டு, மழையைச் சொல்ல வந்த வரியில் சாம்பலை நினைவூட்டுகிறது. கூட்டுத்தொகை சரியாக இருப்பது போதாது, அந்தத் தொகை எந்த இடத்தில் எப்படிப் பிரிகிறது என்பதே பாட்டைத் தீர்மானிக்கிறது. புதிதாக எழுதுவோர் பலரும் சறுக்குமிடம் இதுதான்.

இனித் திருத்துவோம். 'மழை' என்ற சொல் எந்த வகையிலும் அந்த இடத்துக்கு வராது; இரண்டும் குறில். அதே பொருள் தரும் 'மாரி' நெடிலில் தொடங்குகிறது. 'கண்மாய்' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கடைசித் தட்டின் 'தானா'வுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இடையில் 'நிறைந்தது' என்பதை உடைத்து, நிறைவைப் பெயரோடு ஒட்டிவிடலாம். கிடைப்பது: 'மாரியில் ஆனது நீர்நிறை கண்மாய்'. முதல் தட்டில் 'மாரியில்' என்று எழுத்தெண்ணினால் ஐந்து மாத்திரை வருகிறதே என்ற ஐயம் எழலாம். பாடும்போது லகர ஒற்று அடுத்த உயிரோடு புணர்ந்து 'மாரியி லானது' என்றே ஒலிக்கும். முதல் தட்டு நான்காகச் சுருங்க, இரண்டாம் தட்டு 'லா' என்னும் நெடிலில் விழுகிறது. பள்ளியில் நம்மை அச்சுறுத்திய புணர்ச்சி இலக்கணம் உண்மையில் பாடகரின் நாக்குக்காக எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடுத்த வரியை 'ஊருணி யோரமும் ஈரம தாகும்' என்று தொடரலாம். மாரி, ஊருணி என்று ரகர எதுகையும் தட்டு விழும் இடத்திலேயே அமைந்துவிடுகிறது.

இங்கே ஓர் எளிய வழி இருந்தது. கண்மாய்க்குப் பதில் ஏரி என்று எழுதியிருந்தால் வேறு பல மெட்டுகளிலும் இலகுவாக அமர்ந்திருக்கும். ஆனால் புதுக்கோட்டைச் சீமையில் நீர்நிலைக்குக் கண்மாய், குளம், ஏந்தல், ஊருணி என்றுதான் பெயர். மெட்டுக்காக ஊரின் சொல்லைக் கைவிடுவதைவிட, அந்தச் சொல் அமரும் தட்டை வரியில் தேடுவதே நல்லது. இந்த வரியில் கண்மாய்க்கு ஏற்ற இடம் கடைசியில் மட்டுமே இருந்தது; அதை முதலில் நட்டுவிட்டு முன்னோக்கி எழுதியதால்தான் மற்றச் சொற்கள் இசைந்தன.

அளவு பொருந்தினாலும் ஒலி பொருந்தாமல் போகலாம். சந்தக் குழிப்பில் 'தத்த' வேறு, 'தந்த' வேறு என்று பிரித்து வைத்ததன் காரணம் அது. இரண்டுக்கும் மாத்திரை ஒன்றே. ஆனால் வல்லின ஒற்றில் மூச்சு அடைபடுகிறது; மெல்லின ஒற்றில் மூக்கின் வழியே ஒலி தொடர்கிறது. 'பந்து' என்ற சொல்லை நீண்ட சுரத்தில் நகர ஒற்றின் மேல் நிறுத்திப் பாடலாம். 'பட்டு' என்பதை அப்படி நிறுத்த இயலாது. பாடகர் வேறு வழியின்றி உயிரை நீட்டுவார். பட்டு 'பாட்டு' ஆகிவிடும். துள்ளி ஓடும் மெட்டில் வல்லினம் தாளத்துக்கு உறுதி சேர்க்கும்; தாலாட்டிலும் நீண்ட ஆலாபனை நடையிலும் அதுவே முள்ளாகும்.

நீட்டலே கூடாதென்று சொல்ல வரவில்லை. இன்னிசை அளபெடை என்று குறிலை நெடிலாக்கி நீட்டவே இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் அந்த நீட்டல் சொல்லின் இறுதிப் பகுதியில் நிகழ்வது. சொல் இன்னதென்று செவி அறிந்த பிறகு வருவது. நாட்டுப்புறப் பாடல்களில் வரியின் கடைசி எழுத்து எவ்வளவு நீண்டாலும் பொருள் கெடாததும் இதனால்தான். முதலெழுத்தின் குறிலை நீட்டுவதே தீங்கு. இன்றைய பாடல்களில் மலிந்திருப்பதும் அதுவே. தமிழை அறியாத பாடகரைக் குறை கூறுகிறோம்; பல நேரங்களில் மெட்டின் நெடிலில் குறிலை வைத்துக் கொடுத்த பாடலாசிரியர்தான் அதற்குப் பொறுப்பு.

எழுதிய வரியைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாடலைப் படித்திராத ஒருவரிடம் அதை ஒருமுறை பாடிக் காட்டி, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொன்னால் போதும். அவர் மழையை மாழை என்று எழுதியிருந்தால், திருத்த வேண்டியது அந்தத் தட்டில் நிற்கும் சொல்லை.