டிரிப்ஸ்: நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

‘நார்மல் சலைன் 500 எம்.எல்., 4 மணி நேரத்தில்’. டாக்டர் கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் எழுதுவார். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று கண்டுபிடித்து, குழாயில் இருக்கும் சக்கரத்தை உருட்டி வேகத்தைச் சரிசெய்வது நர்ஸின் வேலை.

அதற்கு டாக்டர் எழுதாத ஓர் எண் வேண்டும். ஐ.வி. செட்டின் பாக்கெட்டில் அது அச்சாகியிருக்கும்: ஒரு எம்.எல்.லுக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கு. பெரியவர்களுக்கு மாட்டும் சாதாரண செட்டில் 20 என்றோ 15 என்றோ இருக்கலாம். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் துளி மிகச் சிறியது என்பதால் 60.

மருந்தின் அளவை இந்த எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். நம் ஆர்டரில் 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். 20 சொட்டு செட் என்றால் 500 × 20 = 10,000; அதை 240-ஆல் வகுத்தால் 41.67. அரைச் சொட்டை எண்ண முடியாதே, 42 என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மணியை நிமிடமாக்க மறந்து 4-ஆல் வகுத்தால் 2,500 வரும். அப்படி ஒரு விடையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகமே வராத தவறுதான் ஆபத்தானது. கையில் இருப்பது 15 சொட்டு செட். பழக்கத்தில் 42 என்று வைத்துவிட்டார் மாணவி. நிமிடத்துக்கு 2.8 எம்.எல். இறங்கும். 4 மணி நேரம் ஓட வேண்டிய பாட்டில் 3 மணி நேரத்திலேயே காலி. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இந்த வேகத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். அந்த செட்டுக்குச் சரியான வேகம் 31 சொட்டு.

எண்ணும்போது கடிகாரத்தையும் சொட்டு விழும் அறையையும் ஒரே கண்மட்டத்தில் வைத்துக்கொண்டு, முழு நிமிடமும் எண்ணுவது நல்லது. அத்தோடு முடிந்துவிடாது. நோயாளி கையை மடக்கினாலும், கட்டிலை உயர்த்தினாலும் வேகம் மாறும். அதனால் பாட்டிலில் ஒரு நீளப் பிளாஸ்திரி ஒட்டி, மணிக்கு மணி எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று குறித்துவைப்பார்கள். 10 மணிக்குத் தொடங்கியது 12 மணிக்கு 250 எம்.எல்.லில் நிற்க வேண்டும். 300 மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தை மிச்ச நேரத்துக்குக் கணக்கிட்டால், 300 × 20 ÷ 120, அதாவது 50 சொட்டு. பின்தங்கியதை ஈடுகட்டச் சக்கரத்தை அப்படியே திறந்துவிடக் கூடாது. ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பொறுப்பு நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

டோபமைன் போன்ற மருந்துகளில் சிறு வேக மாற்றமே ரத்த அழுத்தத்தைப் புரட்டிவிடும். அவற்றுக்குச் சொட்டு எண்ணுவது போதாது, இன்ஃபியூஷன் பம்ப் வேண்டும்.