47 பக்கம், 24 தாள்: ஆட்டோ டூப்ளெக்ஸ் இல்லாத பிரின்டரில் இருபுறமும் அச்சிடுவது எப்படி?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டோ, கடலூர் வக்கீல் அலுவலகத்தின் மனுவோ, தாளின் இருபுறமும் அச்சிட வேண்டியிருக்கும். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளின் இருபுறமும் அச்சிட்ட மனுக்களைக் கேட்கிறது. ஆனால் எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900, எப்சன் எல்3110 போன்ற பிரின்டர்கள் தாளைத் தாமாகத் திருப்பாது. நாம்தான் திருப்பணும். அதில்தான் பக்கங்கள் மாறிப்போகின்றன.

முதலில் பென்சில் சோதனை

ஒரு வெள்ளைத் தாளில், மேலே தெரியும் பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பின் முனை பிரின்டருக்குள் போகும்படி வைத்து ஒரு பக்கம் அச்சிடுங்கள். இப்போது மூன்று விஷயம் தெரிந்துவிடும். எழுத்து விழுவது அம்பு போட்ட பக்கத்திலா, மறுபக்கத்திலா? எழுத்தின் தலைப்பகுதி அம்பு முனையில் வருகிறதா, அடியிலா? அச்சான தாள் எழுத்து தெரிய வந்து விழுகிறதா, கவிழ்ந்து விழுகிறதா? இந்த மூன்றையும் பிரின்டர் மீதே எழ்தி ஒட்டிவிட்டால், அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

கவிழ்ந்து விழும் பிரின்டர்

மேலே சொன்ன லேசர் பிரின்டர்களில் தாள் கவிழ்ந்து விழும். 47 பக்க ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். அடோபி ரீடரின் பிரின்ட் திரையில் Odd pages only தேர்ந்தெடுத்தால் 1, 3, 5 என 47 வரை 24 தாள்கள் வரும். கட்டின் அடியில் 1-ம் பக்கத் தாள், உச்சியில் 47. எல்லாத் தாளிலும் வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்.

இந்தக் கட்டைப் புரட்டாமல், வரிசையைக் கலைக்காமல் ட்ரேயில் வையுங்கள். தலைப்பகுதி எந்தப் பக்கம் இருக்கணும் என்பதைப் பென்சில் சோதனை சொல்லியிருக்கும். தேவைப்பட்டால் கட்டை அப்படியே அரை வட்டம் சுற்றினால் போதும். பிரின்டர் உச்சியில் இருக்கும் கடைசித் தாளைத்தான் முதலில் இழுக்கும். அதனால் Even pages only உடன் Reverse pages என்பதையும் டிக் செய்ய வேண்டும்.

சிக்கல் வருவது இங்கேதான். 47-க்குப் பின்னால் 48-ம் பக்கமே இல்லை. உச்சித் தாளை எடுக்காமல் விட்டால் 47-ன் முதுகில் 46 விழும், 45-ன் முதுகில் 44 விழும். மொத்தக் கட்டும் வீண். ஆகவே பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், 47-ம் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதி 23 தாளை மட்டும் போடுங்கள். அல்லது ஃபைலின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்து 48 ஆக்கிவிடுங்கள்.

எழுத்து தெரிய விழும் பிரின்டர்

பின்புறம் தாள் செருகும் எப்சன் எல்3110 போன்ற இங்க்ஜெட்டில் கதை வேறு. தாள் எழுத்து தெரிய வெளியே வரும், 47 உச்சியில் இருக்கும். கட்டை மொத்தமாகப் புரட்டினால் 1-ம் பக்கத் தாள் உச்சிக்கு வந்துவிடும். வெற்றுப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி செருகி, இரட்டைப்படைப் பக்கங்களை வழக்கமான வரிசையிலேயே கொடுக்கலாம். Reverse pages வேண்டாம். கடைசியில் 47-ம் தாள் ட்ரேயிலேயே மிஞ்சும், அதை எடுத்துச் சேர்த்தால் சரி. மை காயும் வரை சில நிமிடம் பொறுத்துவிட்டுப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் எழுத்து தேயும்.

இரண்டு தாள் ஒன்றாகப் போனால்?

கடலோரக் காற்றில் திறந்து கிடக்கும் தாள் ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். லேசர் பிரின்டரின் சூட்டில் ஒருமுறை போய்வந்த தாளோ சுருளும். இரண்டு தாள் சேர்ந்து போனால் ஒன்றின் முதுகு வெறுமையாக நிற்கும், அதற்குப் பிறகு வரும் எல்லாமே தவறான தாளில் விழும். எனவே கட்டை ஆறவிட்டு, விரலால் விசிறிப் பிரித்து, தட்டிச் சீராக்கிப் போடுங்கள். மீதித் தாளை உறையிலேயே மூடி வையுங்கள்.

இன்னொரு பாதுகாப்பு, பிரித்து அச்சிடுவது. 1 முதல் 20, 21 முதல் 40, 41 முதல் 47 என மூன்று கட்டாகப் போட்டால், பிழை வந்தாலும் பத்துத் தாளுக்கு மேல் வீணாகாது.

ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பாருங்கள். முன்பக்க எண்ணைவிடப் பின்பக்க எண் சரியாக ஒன்று கூடுதலாக இருக்கணும். எந்தத் தாளில் இந்தக் கணக்கு முதலில் தப்புகிறதோ, அது இருக்கும் கட்டை மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும்.