பழைய மடிக்கணினிக்கு டிங்கர்கேடா, பிளெண்டரா?

டிங்கர்கேட் உலாவியில் இயங்கினாலும், முப்பரிமாண வடிவங்களைத் திரையில் வரைவது உங்கள் கணினியின் வரைகலைச் சில்லுதான். குரோமில் `chrome://gpu` எனத் தட்டச்சிட்டுப் பாருங்கள். `WebGL` வரியில் `Software only` என்றிருந்தால் அவ்வேலை மையச் செயலியின் தலையில் விழும். வடிவத்தைச் சுழற்றும்போதே திரை திணறும்.

இன்டெல் எச்டி 3000 சில்லுள்ள, 2011ஆம் ஆண்டு விண்டோஸ் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அச்சில்லு ஓப்பன்ஜிஎல் 3.1 வரையே தரும். பிளெண்டர் 2.80 பதிப்புக்கு 3.3 தேவை, எனவே அது இயங்காது. முந்தைய 2.79 பதிப்புக்கு 2.1 போதும்.

சாவிக்கொத்து அட்டை போன்ற எளிய வடிவத்துக்கு டிங்கர்கேடே வசதி. முகம் செதுக்கவோ, இணையமின்றி வேலை செய்யவோ 2.79 ஏற்றது. ஆனால் அதில் பொருளைத் தேர்ந்தெடுக்க வலது பொத்தானைச் சொடுக்க வேண்டும். இன்றைய பாடக் காணொளிகளோ இடது பொத்தானைச் சொல்லும்.