பசும்பாலும் பச்சிளங் குழந்தையின் இரத்தமும்

புனேயில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றில் எட்டு மாதக் குழந்தை. கொழுகொழுவென்றுதான் இருந்தது, ஆனால் உள்ளங்கை வெளுத்து, சோர்ந்து கிடந்தது. சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். ஐந்தாம் மாதமே தாய்ப்பாலைக் குறைத்து, தினம் மூன்று டம்ளர் பசும்பால் கொடுத்திருக்கிறார்கள். "பால்தானேங்க, அதுல என்ன குறை?" என்று பாட்டியம்மா என்னிடம் கேட்டார்.

குறை இதுதான். தாய் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவின் இரும்பையும் சேரவிடாது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவும் உண்டாகும். வயிறு நிறைவதால் குழந்தை வேறு உணவும் கேட்பதில்லை.

ஆகவே ஒரு வயதுவரை பசும்பாலைக் குடிக்கும் பாலாகத் தர வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு, முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், குழைய வேகவைத்த பருப்பு, மசித்த கீரை என ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் சத்து குறையும். அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின் சில சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

சைவ உணவின் இரும்பு மெதுவாகத்தான் சேரும். ஏற்கெனவே வெளுத்த குழந்தைக்கு உணவு மட்டும் போதாது. மருத்துவர் அளவு சொல்லித் தரும் இரும்புச் சொட்டுமருந்தும் வேண்டும். அப்போது மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பாலை நிறுத்தி மருந்தும் கூழும் கொடுத்ததில், இரண்டு மாதத்தில் 10 கிராமைத் தாண்டியது.