மீன் எரு வாங்குவோர் எழுத வேண்டிய ஊர்ஜிதக் கடிதம்

பழவேற்காடு ஏரியை அடுத்த மீன்பிடி கிராமங்களில் உலர்த்தப்படும் சிறு மீன்களில், உணவுக்கு உதவாதவற்றை நெல் வயலுக்கு எருவாக இடலாம். ஆயினும் இச்சரக்கை வாய்ச் சொல்லால் பேசி, “இருபத்தைந்து மூட்டை அனுப்பிவையும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்குவோர் பின்னர் சச்சரவுக்கு ஆளாகின்றனர். மூட்டை என்பது ஓர் அளவன்று. மேலும், மணலில் பரப்பி உலர்த்திய மீனுடன் மணலும் சேர்ந்து எடைக்கு வருகிறது. ஆகவே பேசி முடித்த அன்றே வியாபாரிக்கு ஓர் ஊர்ஜிதக் கடிதம் எழுதுதல் வேண்டும்.

பொன்னேரி வட்டத்தில் 4 ஏக்கரில் சம்பா நெல் பயிரிடும் ஒருவர், ஏக்கருக்கு 250 கிலோ வீதம் எரு வாங்குவதாகக் கொள்வோம். விலைகள் உதாரணத்திற்காகக் கூறப்பட்டவை. அவர் எழுதும் கடிதம் பின்வருமாறு இருக்கலாம்:

“ஆகஸ்டு 12ஆம் தேதி தாங்களும் நானும் பேசியபடி கீழ்க்கண்ட சரக்கை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

சரக்கு: உப்பிடாமல், வெயிலில் நன்கு உலர்த்திய மீன் எரு. மணல் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்பட்டால், மிகுதி எடையில் கழிக்கப்படும்.

அளவு: சாக்கு நீங்கலாக நிகர எடை 1,000 கிலோ.

விலை: கிலோ ஒன்றுக்கு ரூ.18, மொத்தம் ரூ.18,000. சாக்கு, ஏற்றுகூலி, வண்டி வாடகை இதில் அடக்கம். இறக்குகூலி என்னுடையது.

ஒப்படைப்பு: செப்டம்பர் 5ஆம் தேதி மாலைக்குள், என் களத்தில். இத்தேதி தவறின், சரக்கை மறுத்து முன்பணத்தைத் திரும்பப் பெற எனக்கு உரிமையுண்டு.

பணம்: இக்கடிதத்தின் நகலில் தாங்கள் கையொப்பமிட்டதும் முன்பணம் ரூ.6,000. மீதி, களத்தில் எடை பார்த்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள்.”

‘உப்பிடாமல்’ என்னும் சொல்லை விட்டுவிடலாகாது. ஏரியோரத்து நிலங்களில் இயல்பாகவே உவர் மிகுதி. உப்பிட்ட மீன் அதனை இன்னும் பெருக்கும். ஒப்படைக்கும் இடத்தையும் அவ்வாறே எழுதுதல் வேண்டும். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிடில், விற்கும் சமயத்தில் சரக்கு இருக்கும் இடமே ஒப்படைக்கும் இடமாகும். அப்பொழுது வண்டி வாடகை வாங்குபவர் தலையில் விழும். தேதியை நடவுக்கு முந்திய கடைசி உழவைக் கணக்கிட்டுக் குறிக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியபின் மீன் உலர்வதும் அரிது. எருவை உழுது மடக்கும் காலமும் கடந்துவிடும்.

கடிதத்தை அனுப்பியதுடன் காரியம் முடிந்துவிடாது. வியாபாரி “எடை என் கிடங்கில்” என்று கூறியிருக்க, நாம் “எடை என் களத்தில்” என்று எழுதினால், அது ஊர்ஜிதமாகாது. ஒரு புதிய கோரிக்கையே ஆகும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சம்மதம் மாறுதலின்றி முழுமையாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆதலின் இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றில் வியாபாரியின் கையொப்பம் பெற்ற பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

சரக்கு வந்ததும் வண்டிக்காரர் முன்னிலையில் எடை பார்க்கவும். பல மூட்டைகளின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அதில் 1 கிலோவை வாளி நீரில் நன்கு பிசைந்து, கலங்கலை மெல்ல வடிக்கவும். இவ்வாறு சிலமுறை செய்தால் அடியில் மணல் மட்டும் தங்கும். அதை உலர்த்தி நிறுத்ததில் 90 கிராம் இருந்தால், மணல் நூற்றுக்கு 9 பங்கு என்று அறியலாம்.

நமது உதாரணத்தில் 25 மூட்டைகளும் வந்தன. ஆனால் நிகர எடை 950 கிலோவே இருந்தது. குறைந்த அளவை முழுதும் மறுக்கவோ, ஏற்றுப் பேசிய விலைப்படி பணம் கொடுக்கவோ மேற்கண்ட 1930ஆம் வருஷத்துச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இடந்தருகிறது. அவர் ஏற்றுக்கொண்டார். மணல் நூற்றுக்கு 9 பங்கு. பேசியதற்கு மேல் 4 பங்கு. 950 கிலோவில் அது 38 கிலோ. எஞ்சிய 912 கிலோவுக்கு ரூ.16,416 ஆகும். முன்பணம் போகக் கொடுக்க வேண்டியது ரூ.10,416. மூட்டைக் கணக்கில் வாங்கியிருந்தால் ரூ.18,000 முழுதும் போயிருக்கும். இக்கணக்கை வண்டிச் சீட்டில் அன்றே எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பேசாமல் வைத்துக்கொண்டால் சரக்கை ஏற்றதாகவே கருதப்படும்.

கடலில் மீன் அகப்படாவிடில் எக்கடிதமும் எருவைக் கொண்டுவராது. அதனாலேயே முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பதும், வேறு எருவுக்கு ஏற்பாடு செய்ய நடவுக்கு முன் இரண்டு வாரமேனும் மிஞ்சும்படி தேதி குறிக்க வேண்டும் என்பதும் நமது யோசனை.